அத்தியாயம் 7: நீர்ப்பரப்பைக் கொண்டு தடுப்பணையின் கொள்ளளவை அறிதல்

ஒரு சிறு தடுப்பணையில் எவ்வளவு நீர் நிற்கும் என்று கேட்டால், நம்மவர் பலரும் நீர் தேங்கிய நீளத்தையும் அகலத்தையும் ஆழத்தையும் பெருக்கி ஒரு தொகையைச் சொல்லிவிடுவது வழக்கம். அந்தத் தொகை சிமெண்டுத் தொட்டிக்குப் பொருந்துமேயன்றி, அடியில் ஒடுங்கி மேலே விரிந்து, அணையை விட்டு மேற்செல்லச் செல்ல ஆழம் குறைந்து முடிவில் வெறும் ஈரமணலாகிவிடும் ஓர் ஓடைக்குப் பொருந்தாது. அப்படிப்பட்ட இடத்தில் இந்தப் பெருக்கல் உண்மையைப்போல் மூன்று மடங்கு வரை கூட்டிச் சொல்லும். அதை நம்பி நாற்றங்காலுக்குத் தண்ணீர் ஒதுக்கியவர் வறட்சிக் காலத்தின் பாதியிலேயே வெறுங்குழியைப் பார்க்க நேரும். ஆகவே வெவ்வேறு ஆழங்களில் நீரின் பரப்பை அளந்து, அந்தப் பரப்புகளிலிருந்து கொள்ளளவைக் கணிக்கும் முறையை இந்த அத்தியாயத்தில் விரிவாகக் காண்போம். இதற்கு ஓர் அளவு நாடா, முளைகள், ஒளி ஊடுருவும் நீண்ட பிளாஸ்டிக் குழாய், கூட்டல் பெருக்கல் அறிந்த ஒருவர் ஆகியவை போதும்.

பந்திங் வட்டாரத்தில் இரு வகை நிலங்கள் உண்டு என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். சுங்கை லங்காட் கடலை நோக்கிச் செல்லும் கோலலங்காட் மாவட்டத்தின் பெரும்பகுதி சமதரை. அங்கே செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வெட்டிய கான்களில் பலகையிட்டு நீரை மறிக்கிறார்கள். கரையோரச் சமவெளியில் தனித்து நிற்கும் புக்கிட் ஜுக்ராவைப் போன்ற குன்றுகளின் அடிவாரத்திலோ, மழைநீர் இறங்கிவரும் சிற்றோடையை மண்ணாலும் கல்லாலும் தடுக்கும் வாய்ப்பு உண்டு. முதல் வகை ஏறக்குறைய வாய்க்கால்; இரண்டாம் வகை ஒரு சிறு பள்ளத்தாக்கு. அளக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே. கிடைக்கும் விடையின் சுபாவம் வேறு. கடினமானது இரண்டாவதாகையால் அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

மட்டங்களை நிர்ணயித்தல்

எல்லா ஆழங்களும் எந்த இடத்திலிருந்து எண்ணப்படுகின்றன என்பதைத் தீர்மானிப்பதே முதல் வேலை. அணையின் உட்புறத்தில் படுகையின் மிகத் தாழ்ந்த இடத்தைச் சூனியமாகவும், நீர் வழிந்தோடும் கலிங்கின் விளிம்பை முழு மட்டமாகவும் கொள்ள வேண்டும். அணைக்கரையின் உச்சியை முழு மட்டமாகக் கொள்வது பலர் செய்யும் பிழை. வெள்ளம் வரும்போது கலிங்குக்கு மேல் சிறிது நேரம் நிற்கும் நீர் சேமிப்பாகாது, மழை ஓய்ந்ததும் அது வழிந்து போய்விடும். சூனியத்திலிருந்து கலிங்கு வரையுள்ள உயரத்தைச் சமமான பகுதிகளாக, அதிலும் இரட்டைப்படை எண்ணிக்கையில் பிரித்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் சூத்திரத்துக்கு வசதியாக இருக்கும். இரண்டு மீட்டர் ஆழமுள்ள அணைக்கு அரை மீட்டருக்கு ஒரு மட்டமாக நான்கு பகுதிகள் போதும்.

இந்த மட்டங்களைத் தரையில் குறிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. படுகை வறண்டு கிடந்தால், பிளாஸ்டிக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, ஒரு முனையை அணைச்சுவரில் குறித்த மட்டத்தில் பிடித்துக்கொண்டு, மறுமுனையை இருகரைகளிலும் நகர்த்தி, குழாயின் நீர்மட்டம் தரையைத் தொடும் இடங்களில் முளை அடித்துக்கொண்டே போக வேண்டும். கொத்தனார்கள் அஸ்திவாரத்துக்கு மட்டம் பார்ப்பதும் இப்படித்தான். அணை நிரம்பியிருந்தால் வேலை இன்னும் சுலபம். அணையின் உட்சுவரில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக அளவுகோல் தீட்டிவைத்துவிட்டு, நீர் இறங்கி ஒவ்வொரு அரை மீட்டரைத் தொடும்போதும் அன்றைய நீர் விளிம்பில் முளை அடிக்கலாம். நீர் தானே மட்டம் காட்டுவதால் இந்த இரண்டாம் வழியில் பிழைக்கு இடம் குறைவு. ஆனால் நீர் இறங்கும் காலம் முழுவதும் காத்திருக்க வேண்டும் என்பதோடு, இடையில் ஒரு பெருமழை வந்தால் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். ஆகையால் இப்பகுதியில் மழை சற்றுத் தணிந்திருக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் இதைச் செய்வது உத்தமம்.

ஒவ்வொரு மட்டத்து முளைகளுக்கும் ஒரு நிறத் துணியைக் கட்டிவைப்பது அவசியம். நான்கு மட்டங்களின் முளைகள் ஒரே கரையில் அருகருகே நிற்கும்போது, எது எந்த மட்டத்துக்குரியது என்ற குழப்பம் நிச்சயமாக வரும்.

ஒரு மட்டத்தின் பரப்பை அளத்தல்

குன்றடி ஓடை ஒன்றின் குறுக்கே இரண்டு மீட்டர் உயரத்தில் கலிங்கு உள்ள அணை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முழு மட்டத்தில் நீர் அணையிலிருந்து மேற்புறமாக 60 மீட்டர் தூரம் தேங்குகிறது. அணையின் நடுவிலிருந்து ஓடையின் போக்கிலே ஒரு கயிற்றை நேராகக் கட்டி, 10 மீட்டருக்கு ஓரிடமாக, கயிற்றுக்குச் செங்குத்தாக, இக்கரை முளையிலிருந்து அக்கரை முளை வரை அகலத்தை அளக்கிறோம். அணை ஓரத்தில் 26 மீட்டர். பின் வரிசையாக 22, 17, 14, 10, 6. அறுபதாவது மீட்டரில் நீர் முடிவதால் சூனியம். முதல் அகலத்திலும் கடைசி அகலத்திலும் பாதியை எடுத்து, நடு அகலங்களை முழுதாகச் சேர்த்தால் 13, 22, 17, 14, 10, 6 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 82. அதை இடைத்தூரமாகிய 10 மீட்டரால் பெருக்க, முழு மட்டத்தின் பரப்பு 820 சதுர மீட்டர்.

ஓடை வளைந்து சென்றால் கயிற்றையும் வளைவில் ஒடித்துக் கட்டி, ஒவ்வொரு நேர்த்துண்டையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். வளைவைப் பொருட்படுத்தாமல் ஒரே நேர்க்கோட்டில் அளந்தால் அகலங்கள் சாய்வாக விழுந்து பரப்பு பிசக இடமுண்டு. நீருக்கு நடுவே நிற்கும் திட்டுகளைக் கழிப்பதும் மறக்கக்கூடாத காரியம்.

இவ்விதமே மற்ற மட்டங்களையும் அளந்ததில், நமது உதாரண அணையில் கிடைத்த பரப்புகள் பின்வருமாறு இருப்பதாகக் கொள்வோம்.

| ஆழம் (மீட்டர்) | நீர்ப்பரப்பு (சதுர மீட்டர்) |
|---|---|
| 0 | 0 |
| 0.5 | 60 |
| 1.0 | 210 |
| 1.5 | 460 |
| 2.0 | 820 |

பரப்பிலிருந்து கன அளவு

இந்த அணையின் நீரை அரை மீட்டர் கனமுள்ள நான்கு அடுக்குகளாக மனத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடுக்கின் அடிப்பரப்பும் மேற்பரப்பும் நமக்குத் தெரியும். இரண்டின் சராசரியை அடுக்கின் கனத்தால் பெருக்கினால் அவ்வடுக்கின் நீர் கிடைக்கும். அடியிலிருந்து வரிசையாக 15, 67.5, 167.5, 320, மொத்தம் 570 கன மீட்டர். இதைச் சராசரி முறை எனலாம். தோட்டத்து அன்றாடக் காரியங்களுக்கு இதுவே போதும் என்றாலும், மேலே விரியும் பள்ளத்தில் இது எப்போதும் சற்று மிகையாகவே சொல்லும். காரணம், இரு மட்டங்களுக்கிடையே பரப்பு நேர்க்கோட்டில் வளர்வதாக இம்முறை பாவிக்கிறது; உண்மையில் அது தொடக்கத்தில் மெதுவாகவும் மேலே போகப்போக வேகமாகவும் வளர்கிறது.

இந்த மிகையை நீக்குவதற்கு, ஆங்கிலக் கணித அறிஞர் தாமஸ் சிம்ப்சனின் பெயரால் வழங்கும் சூத்திரம் உண்டு. முதற்பரப்பையும் கடைசிப் பரப்பையும் ஒருமுறையும், இடையில் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் பரப்புகளை நான்கு முறையும் இரண்டு முறையுமாக மாற்றி மாற்றியும் எடுத்துக் கூட்டி, அந்தத் தொகையை அடுக்கின் கனத்தால் பெருக்கி மூன்றால் வகுக்க வேண்டும். நமது எண்களில் சூனியம், 60-இன் நான்கு மடங்கு 240, 210-இன் இரு மடங்கு 420, 460-இன் நான்கு மடங்கு 1840, கடைசியாக 820, கூட்டினால் 3320. இதை அரையால் பெருக்கி மூன்றால் வகுக்கக் கிடைப்பது 553 கன மீட்டர். சராசரி முறையின் விடை இதைவிட மூன்று சதவிகிதம் மட்டுமே அதிகம். பகுதிகள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்று முன்னர் சொன்னதன் காரணமும் இச்சூத்திரமே.

நான்கு மட்டங்களையும் அளக்க அவகாசம் இல்லாதவர் என்ன செய்வது? முழுப் பரப்பாகிய 820-ஐயும் அடியின் சூனியத்தையும் மட்டும் வைத்துச் சராசரி எடுத்தால் 820 கன மீட்டர் என்று வரும். அது உண்மையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆனால் சரிபாதி ஆழத்தில் இன்னும் ஒரே ஒரு பரப்பை அளந்து, அதாவது 210-ஐயும் சேர்த்து, சிம்ப்சன் சூத்திரத்தில் இட்டுப் பாருங்கள். சூனியமும் 840-உம் 820-உம் சேர்ந்து 1660. இப்போது அடுக்கின் கனம் ஒரு மீட்டர் ஆகையால் மூன்றால் வகுத்தால் அதே 553. விடை இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போவது பரப்பு ஒழுங்காக வளரும் பள்ளத்தில்தான். இடையில் திடீரென்று ஒரு மேடையோ செங்குத்துக் கரையோ வந்தால் இவ்விதம் ஒத்துவராது. இருந்தபோதிலும், ஒரு நாள் வேலையில் ஒரேயொரு நடுப்பரப்பை மட்டும் அளக்க முடியுமானால், அது பாதி ஆழத்துப் பரப்பாகவே இருக்கட்டும்.

நீர் எங்கே இருக்கிறது

அடுக்கடுக்காகக் கூட்டிக்கொண்டே போனால், எந்த ஆழத்தில் எவ்வளவு நீர் என்று சொல்லும் அட்டவணை கிடைத்துவிடுகிறது. மிகையைத் திருத்திக் கொடுத்தால் அது இப்படியிருக்கும்: அரை மீட்டரில் சுமார் 10 கன மீட்டர், ஒரு மீட்டரில் 74, ஒன்றரை மீட்டரில் 237, இரண்டு மீட்டரில் 553. இந்த நான்கு எண்களையும் அணைச்சுவரின் அளவுகோலுக்குப் பக்கத்திலேயே எழுதிவைப்பது நன்று. ஏனெனில் அணையில் நீர் பாதி ஆழம் நிற்பதைப் பார்க்கும் மேற்பார்வையாளர், பாதித் தண்ணீர் மிச்சமிருக்கிறது என்று நிம்மதியாகப் போய்விடுவார். உண்மையில் அப்போது மிச்சமிருப்பது எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். மொத்த நீரில் பாதிக்கு மேற்பட்ட பங்கு மேல் அரை மீட்டரில் அடங்கியிருக்கிறது.

மேட்டூர் அணையிலும் இதே தத்துவத்தைக் காணலாம். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் முழு மட்டம் 120 அடி, நீர்ப்பரப்பு 59.25 சதுர மைல், கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது 93,470 மில்லியன் கன அடி. பரப்பையும் ஆழத்தையும் வெறுமனே பெருக்கினால் ஏறக்குறைய 1,98,000 மில்லியன் கன அடி வரும். உண்மையான கொள்ளளவு அதில் நூற்றுக்கு 47 பங்கு. நமது ஓடையில் இந்த விகிதம் நூற்றுக்கு 34. அடியிலிருந்து மேல்வரை கரைகள் ஒரே சீராக விரிந்து, படுகையும் மேல்நோக்கி ஏறிச் செல்லும் பள்ளத்தில் இது மூன்றில் ஒன்றை நெருங்கும். அடி அகன்றும் கரைகள் செங்குத்தாகவும் இருக்குமளவுக்கு அது ஒன்றை நோக்கி ஏறும்.

சமதரைக் கான்களில் நிலைமை மாறுவது இதனால்தான். அடி அகலம் 2 மீட்டர், கரைச்சரிவு ஒன்றுக்கு ஒன்று, பலகையின் உயரம் 1 மீட்டர், நீர் பின்னோக்கித் தேங்கும் நீளம் 300 மீட்டர் என்றுள்ள ஒரு கானில், அடிப்பரப்பு 600, நடுப்பரப்பு 900, மேற்பரப்பு 1200 சதுர மீட்டர். சிம்ப்சன் சூத்திரம் 900 கன மீட்டர் என்கிறது. விகிதம் நூற்றுக்கு 75. ஆழம் பாதியானாலும் அந்தக் குன்றடி ஓடையைவிட அதிக நீரை இது பிடிக்கிறது. ஆனால் சதுப்பு நிலத்தின் மக்கிய கரிமண்ணில் வெட்டிய கான்களில், பக்கங்களின் வழியே நீர் கசிந்து நிலத்துக்குள் போவதும் வருவதுமாக இருக்கும். அங்கே இறைக்கும் நீர் கணக்கிட்ட கன அளவோடு ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கலாகாது.

பிழை எங்கே நுழைகிறது

பிழைகளில் மிகப் பெரியது கலிங்கு மட்டத்தைத் தவறாக எடுப்பதிலே உண்டாகிறது. குழாயில் ஒரு காற்றுக் குமிழி நின்றுபோய் மட்டம் ஐந்து சென்டிமீட்டர் பிசகினால், 820 சதுர மீட்டர் பரப்பில் அது 41 கன மீட்டர். மொத்தத்தில் ஏழு சதவிகிதத்துக்கு மேல். இதற்கு மாறாக, அடியிலிருந்து அரை மீட்டரில் 60 சதுர மீட்டரை 70 என்று தவறாக அளந்தாலும் விடை ஏழு கன மீட்டரளவே மாறும். ஆகவே அடிப்பரப்பைச் சேற்றில் இறங்கி வெகு நுணுக்கமாக அளப்பதில் செலவிடும் நேரத்தைக் கலிங்கு மட்டத்தை இரண்டு முறை சரிபார்ப்பதிலும், மேலிரண்டு மட்டங்களின் அகலங்களை நெருக்கமாக எடுப்பதிலும் செலவிடுவதே புத்தி.

வண்டல் விஷயத்திலும் இதே நியாயம் பொருந்தும். அணையின் உட்புறத்து ஆழக்குழி தூர்ந்து அரை மீட்டர் உயர்ந்துவிட்டால் பார்ப்பவர் பதறிப்போகிறார். ஆனால் அதனால் நஷ்டமான இடம் பத்துக் கன மீட்டர் மட்டுமே. ஓடை நீரில் அடித்து வரப்படும் கனமான மணலோ, நீர் தேங்கத் தொடங்கும் தலைப்பகுதியிலேயே, வேகம் குறைந்தவுடன் படிந்துவிடுகிறது. அங்கே 300 சதுர மீட்டரில் முப்பது சென்டிமீட்டர் மணல் படிந்தால் 90 கன மீட்டர் போய்விடும்; அதைக் கவனிப்பார் இல்லை. தூர் வாருவதற்கு ஆள் கூலி குறைவாகவே கிடைக்குமானால், அணையடியை விட்டுவிட்டு ஓடைத்தலையிலிருந்து தொடங்குவதே இலாபகரம். ஆழக்குழி எந்த மதகையாவது மூடிக்கொண்டாலன்றி அவசரமில்லை.

மதகு என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நீர் வெளியேறும் குழாய் அரை மீட்டர் உயரத்தில் பதிக்கப்பட்டிருந்தால், அதற்குக் கீழுள்ள பத்துக் கன மீட்டரும் தானாக வெளிவராத நீர். கணக்கில் மொத்தக் கொள்ளளவையும், பயன்படக்கூடிய கொள்ளளவையும் தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். நமது அணையில் முன்னது 553, பின்னது 543.

விடையைச் சோதித்தல்

கணக்கு சரியா என்பதை ஒரு பம்பைக் கொண்டு நிச்சயப்படுத்திக்கொள்ளலாம். பம்பு இறைக்கும் நீரை 200 லிட்டர் பீப்பாயில் விட்டு, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 36 வினாடி ஆனால், மணிக்கு 20 கன மீட்டர். ஓடையில் வரத்து நின்றிருக்கும் நாளாகப் பார்த்து, முழு மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் மட்டம் வரும்வரை இறைத்தால், அட்டவணையின்படி 316 கன மீட்டர் வெளியேற வேண்டும்; அதாவது பதினாறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பத்தொன்பது மணி நேரம் ஆயிற்றென்றால், ஓடையில் கண்ணுக்குத் தெரியாத வரத்து இருக்கிறது, அல்லது மேல்மட்டத்தின் பரப்பைக் குறைத்து அளந்திருக்கிறீர்கள். எது காரணம் என்பதை அறிய, பம்பை நிறுத்திவிட்டு ஓரிரவு அளவுகோலைக் கவனியுங்கள்: நீர் ஏறினால் வரத்து, அசையாமல் நின்றாலோ சற்றே இறங்கினாலோ, அளவை மீண்டும் எடுக்க வேண்டும். பதின்மூன்று மணி நேரத்திலேயே மட்டம் இறங்கிவிட்டால், கரையில் கசிவு இருக்கிறது, அல்லது பரப்பு மிகையாக அளக்கப்பட்டிருக்கிறது. அதையும் அதே இரவின் அளவுகோல் காட்டிக்கொடுக்கும்.

பழைய தோட்டக் கணக்குகளில் நீரைக் காலனில் எழுதுவது வழக்கமாகையால், ஒரு கன மீட்டர் 1000 லிட்டர் என்பதையும் ஏறக்குறைய 220 காலன் என்பதையும் குறித்துக்கொள்க. நமது அணையின் 553 கன மீட்டர், சுமார் 1,21,600 காலன்.

அளவெடுத்த தேதி, சூனியமாகக் கொண்ட இடம், கலிங்கு மட்டம், ஒவ்வொரு மட்டத்தின் பரப்பு ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதி, அணையின் பொறுப்பாளரிடம் கொடுத்துவையுங்கள். சூனியம் எந்த இடம் என்பது எழுதப்படாத அளவு அடுத்த ஆண்டு எதற்கும் உதவாது. ஒவ்வொரு பெருமழைக்காலமும் முடிந்தபின் மேலிரண்டு மட்டங்களை மட்டுமாவது மறுபடி அளந்து பழைய எண்களோடு ஒப்பிட்டு, கொள்ளளவு பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் அந்த ஆண்டே ஓடைத்தலையில் தூர் வார ஏற்பாடு செய்யுங்கள்.